இரு சம்பளக் குடும்பத்தில் ஒருவர் வேலையை விடும் முன்...

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இன்று நம் மஹல்லாக்களில் நிறைய உள்ளன. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகோ, வீட்டுப் பெரியவர்களின் உடல்நிலை தளர்ந்த பிறகோ, இவர்களில் ஒருவர் 'வேலையை விட்டுவிடலாமா, பாதி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாமா' என்று கேட்கிறார். பெரும்பாலும் கேட்பவர் மனைவி. நம்மிடம் வருபவர்கள் இதை ஒரு மார்க்கக் கேள்வியாகவே கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், வேலையை விடுவது கூடுமா?" கூடும் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு இரண்டு கணக்குகள் தேவைப்படுகின்றன. ஒன்று, மாதச் செலவுக் கணக்கு. மற்றொன்று, இதுவரை கலந்து செலவான பணத்தில் யாருடையது எவ்வளவு என்ற கணக்கு. முதல் கணக்கைப் பலர் அரைகுறையாகவாவது போடுகிறார்கள். இரண்டாவதைப் போடுபவர்கள் மிகக் குறைவு. பின்னாளில் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இக்கட்டுரையில் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்து இரண்டு கணக்குகளையும் போட்டுப் பார்ப்போம்.

மார்க்கம் வகுத்த அடிப்படை

மனைவி, மக்களுக்கு உணவு, உடை, உறைவிடம் தருவது கணவனின் கடமை. ஆண்கள் தங்கள் பொருளிலிருந்து செலவிடுவதைக் குர்ஆன் (4:34) எடுத்துச் சொல்கிறது. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவர் தமக்கு வழங்கப்பட்டதிலிருந்தும் செலவிட வேண்டும் என்று மற்றோர் இடம் (65:7) அளவும் சொல்கிறது. மனைவி சம்பாதித்தாலும் இந்தக் கடமை கணவனை விட்டு நீங்குவதில்லை.

ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கு என்பதும் குர்ஆன் காட்டும் வழி (4:32). ஆகவே மனைவியின் சம்பளம் மனைவியின் சொத்து. அதிலிருந்து அவர் வீட்டுக்குச் செலவிட்டால் அது அவருடைய பெருந்தன்மை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) தம் கணவருக்குச் செலவிடுவது குறித்துக் கேட்டபோது, அதில் உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியும் சேர்ந்து இரட்டைக் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. மனைவி வேலையை விட விரும்பினால், 'உன் சம்பளம் நின்றால் குடும்பம் எப்படி ஓடும்' என்று கணவன் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதேபோல் கணவன் வேலையை விட்டுப் படிக்கவோ சொந்தத் தொழில் தொடங்கவோ விரும்பினால், 'நீதான் சம்பாதிக்கிறாயே' என்று பொறுப்பை மனைவியின் தலையில் வைத்துவிடவும் முடியாது. அந்தக் காலத்தில் மனைவி செலவிடுவது அன்பளிப்பா, திருப்பித் தர வேண்டிய கடனா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும்.

சம்பளம் முழுவதும் இழப்பாகாது

திருச்சியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவரின் கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். மனைவி ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். கைக்கு வருவது 32,000. இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு ஒரு வயது. மொத்த வருமானம் 77,000. அவர்களின் மாதச் செலவு இப்படி இருக்கிறது:

- வீட்டு வாடகை: 12,000
- மளிகை, காய்கறி, பால், இறைச்சி: 16,000
- பெரியவனின் பள்ளி, மதரஸா: 5,000
- கரண்ட், கேஸ், போன்: 4,000
- கணவரின் பெட்ரோல்: 3,000
- மருத்துவம்: 2,500
- ஊரிலிருக்கும் கணவரின் தாயாருக்கு: 5,000
- மனை வாங்கியதற்கான கைமாற்றுக் கடன்: 10,000
- சீட்டு: 5,000
- மனைவி வேலைக்குப் போவதால் வரும் செலவு: 13,500

கூட்டினால் 76,000. மீதி ஆயிரத்தை மனைவி தம் தாயாருக்குக் கொடுத்து வருகிறார்.

பட்டியலின் கடைசி வரியைப் பலர் தனியாக எழுதுவதே இல்லை. குழந்தைக் காப்பகம் 6,000, வெளியிலிருந்து வாங்கும் சாப்பாடு 2,500, வேலைக்காரம்மாவுக்குக் கூடுதலாகத் தருவது 2,000, ஸ்கூட்டர் பெட்ரோல் 1,800, கல்லூரிக்கான உடை, சக ஊழியர் வீட்டு விசேஷங்கள் 1,200. மனைவி வீட்டில் இருந்தால் இவை நின்றுவிடும். பகலெல்லாம் வீட்டில் ஆள் இருப்பதால் கரண்ட், கேஸ், தின்பண்டம் என்று ஓர் ஆயிரம் கூடும். எனவே மிச்சமாவது 12,500. கைச் செலவுக்கு நிஜமாகக் குறைவது 32,000 அல்ல, 19,500.

இதோடு கண்ணில் படாத ஓர் இழப்பும் உண்டு. மனைவியின் சம்பளத்தில் மாதம் 1,800 ரூபாய் பி.எஃப். பிடிக்கிறார்கள். நிர்வாகம் அதே அளவு போடுகிறது. அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போக, 550 அவர் கணக்கில் சேர்கிறது. ஆக மாதம் 2,350 ரூபாய் சேமிப்பும் நிற்கிறது. இந்த வீட்டில் வேலையை விடுவதன் உண்மையான விலை மாதம் ஏறத்தாழ 22,000 ரூபாய்.

ராஜினாமாக் கடிதத்தின் தேதி

அந்தச் சகோதரி பணியில் சேர்ந்து 4 ஆண்டு 7 மாதம் ஆகிறது. இன்றே கடிதம் கொடுத்தால் அவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுட்டி, கிடைக்காமல் போகலாம். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. ஒரு மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். அவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 24,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 ஆண்டால் பெருக்கினால் 69,230 ரூபாய். ஐந்து மாதம் பொறுத்தால் கையில் வரும் தொகை இது. தனியார் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். 'ஆசிரியருக்குக் கிடையாது' என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

பி.எஃப். பணத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு முன் எடுத்தால் வருமான வரிக் கணக்கில் சேரும். அடுத்து, மாத ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டு பணி வேண்டும். வேலையை விட்டதும் ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிட்டால், பின்னாளில் மறுபடி வேலைக்குப் போகும்போது அந்தப் பத்தாண்டை முதலிலிருந்து எண்ண வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போன பிறகு திரும்ப வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதைத் தொடாமல் வைப்பதே நல்லது. பி.எஃப். தொகையில் சேரும் கூடுதல் பணத்தைப் பற்றி உலமாக்களிடையே விரிவான பேச்சு உண்டு. கட்டாயப் பிடித்தத்துக்கு ஒரு விதமாகவும், நாமாக விரும்பிக் கூடுதலாகச் செலுத்துவதற்கு வேறு விதமாகவும் தீர்ப்புச் சொல்வோர் இருக்கிறார்கள். பணத்தை எடுக்கும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு மனைவியின் வேலை வழியாக வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படியானால் வேலையோடு அதுவும் போய்விடும். காப்பீடு குறித்தும் மார்க்க ரீதியாகக் கருத்து வேறுபாடு உள்ளது. நீங்கள் எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும், மருத்துவத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்காமல் கடைசி நாளை எட்டிவிடக் கூடாது.

பத்து மாத ஒத்திகை

இன்று வேலையை விட்டால் வருமானம் 45,000. செலவு 76,000-லிருந்து 12,500 கழித்து 63,500. மாதம் 18,500 துண்டு விழும். இந்தத் துண்டில் 15,000 ரூபாய் கடனும் சீட்டும்தான். கடனில் இன்னும் 1,20,000 பாக்கி. சீட்டு இருபது பேர் சேர்ந்து போடும் ஒரு லட்ச ரூபாய் சாதாரணச் சீட்டு. ஏலமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. பத்து மாதம் கட்டியாகிவிட்டது, பத்து மாதம் பாக்கி. இவர்களுக்குக் கடைசி முறை.

எனவே பத்து மாதம் ஓர் ஒத்திகை நடத்தலாம். வீட்டுச் செலவு முழுவதும் கணவரின் 45,000 ரூபாயில் மட்டுமே ஓட வேண்டும். மனைவியின் 32,000-ல் வேலைக்கான செலவு 13,500, சீட்டு 5,000, அவர் தாயாருக்கு 1,000 போக மீதி 12,500 முழுவதும் கடனுக்கு. பத்து மாதம் முடியும்போது கடனில் 1,25,000 கட்டும் அளவுக்குப் பணம் போயிருக்கும், கடன் தீர்ந்துவிடும். சீட்டு முடிந்து ஒரு லட்சம் கைக்கு வரும். பணியிலும் 5 ஆண்டு 5 மாதம் ஆகியிருக்கும்; பணிக்கொடை உறுதி.

ஒத்திகையின் முதல் மாதத்திலேயே ஓர் உண்மை வெளிப்படும். கடன், சீட்டு, வேலைச் செலவு மூன்றையும் நீக்கினாலும் வீட்டுச் செலவு 47,500. கணவரின் சம்பளத்தைவிட 2,500 அதிகம். இதை மளிகையிலும் போனிலும் குறைத்துச் சரிக்கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது உண்மை பெருநாள் வரும்போது தெரியும். துணிமணி, குர்பானி, உறவினர் திருமணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 24,000 ஆகிறது. கணவரின் போனஸ் 12,000 பாதியைத் தாங்கும். மீதியை இதுவரை யாரிடமாவது கைமாற்று வாங்கிச் சமாளித்து வந்திருக்கிறார்கள். அது மாதம் 1,000 ரூபாய்க்குச் சமம்.

ஆக, வேலையை விட்டபின் நிற்கும் துண்டு எவ்வளவு? வீட்டில் கூடும் 1,000, ஆண்டுச் செலவின் பங்கு 1,000, மனைவி தம் தாயாருக்குக் கொடுக்கும் 1,000. மொத்தம் 3,000. தொடக்கத்தில் 18,500-ஆகத் தெரிந்த பள்ளம் இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அந்தக் கடைசி ஆயிரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். மாமியாருக்குச் செலவு செய்வது பொதுவாக மருமகனின் கடமையில் சேராது. ஆனால் வசதியற்ற பெற்றோரைத் தாங்குவது, இயன்றால், மகளுக்கும் கடமை. சம்பளம் நின்றபின் அவர் அதை எங்கிருந்து கொடுப்பார்? கணவர் மனமுவந்து மனைவிக்கென்று ஒரு கைச்செலவுத் தொகையை ஒதுக்கினால், ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்கும் நிலை வராது. தம் தாயாருக்கு அனுப்பும் 5,000-ஐ எவரிடமும் கேட்காமல் அனுப்பும் கணவர், இதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒத்திகை தோற்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. மாதம் இருபதாம் தேதிக்கு மேல் மளிகைக் கடையில் பற்று ஏறுவது, மனைவியின் கணக்கிலிருந்து 'இந்த மாதம் மட்டும்' என்று எடுப்பது, நகை அடகுக் கடைக்குப் போவது. இவற்றில் ஒன்று இரண்டு முறை நடந்தாலே இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அப்போது ராஜினாமாவைத் தள்ளிப் போடலாம். கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்குவது அத்தனை எளிதல்ல.

முழுதாக விடுவதா, பாதியாகக் குறைப்பதா?

ஒத்திகை முடிவில் கையில் இருப்பது சீட்டுப் பணம் 1,00,000, பணிக்கொடை 69,000. மொத்தம் 1,69,000. இரண்டு சம்பளம் இருந்தபோது ஒருவர் வேலை போனாலும் மற்றவர் தாங்குவார். இனி ஒரே தூண். எனவே ஆறு மாதச் செலவாவது கையிருப்பில் இருப்பது நல்லது. இவர்களுக்கு மாதச் செலவு 48,000 என்றால் 2,88,000 வேண்டும். கையில் இருப்பது மூன்றரை மாதத்துக்குத்தான். அதிலிருந்தே மாதம் 3,000 எடுத்தால் ஆண்டுக்கு 36,000 கரையும்.

இங்கேதான் பகுதி நேர வேலை கைகொடுக்கிறது. ஆனால் அதையும் கணக்குப் போட்டே ஏற்க வேண்டும். பெண்கள் அரபுக் கல்லூரி ஒன்றில் வாரம் நான்கு நாள் காலை வகுப்பு, மாதம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். அரை நாள் காப்பகம் 3,000, பெட்ரோல் 1,000 போக 5,000 நிற்கும். துண்டு 3,000 அடைபட்டு, 2,000 கையிருப்பில் சேரும். அதே வேலைக்கு முழு நாள் காப்பகம் தேவைப்பட்டால் 6,000-மும் பெட்ரோலும் போக 2,000 மட்டுமே மிஞ்சும், துண்டுகூட அடைபடாது. பாதி நேரம் என்று சொல்லி, வினாத்தாள் திருத்தம், கூட்டம், விழா என்று முக்கால் நேரம் வாங்குகிற இடங்களும் உண்டு. வகுப்பு எத்தனை, வகுப்புக்கு வெளியே வேலை என்ன, விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். பகுதி நேரத்தில் பி.எஃப். இருக்குமா என்றும் கேட்க வேண்டும்.

யார் பணம் எது? எழுதி வையுங்கள்

இப்போது இரண்டாவது கணக்கு. இந்தத் தம்பதியர் இரண்டு ஆண்டுக்கு முன் 9 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினார்கள். கணவரின் சேமிப்பு 5,40,000. மீதி 3,60,000-ஐக் கணவரின் அண்ணன் வட்டியில்லாக் கடனாகத் தந்தார். பத்திரம் கணவர் பெயரில். கடனை அடைத்தது முழுவதும் மனைவியின் சம்பளத்திலிருந்து. 'நம்ம மனைதானே' என்று எதுவும் எழுதி வைக்கவில்லை.

இந்த நிலையில் கணவர் மௌத்தாகிவிட்டால் என்ன ஆகும்? பிள்ளைகள் இருப்பதால் மனைவியின் வாரிசுப் பங்கு எட்டில் ஒன்று (4:12). 9 லட்ச மனையில் அவருக்கு 1,12,500. அவர் உழைத்துக் கட்டிய 3,60,000 மற்ற வாரிசுகளுக்கும் சேர்த்துப் பங்காகிவிடும்.

அந்தத் தொகை மனைவிக்குக் கணவர் தர வேண்டிய கடன் என்று எழுதியிருந்தால் நிலை வேறு. வாரிசுப் பங்குக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம் (4:11, 12). மற்ற கடன் இல்லையென்றால் முதலில் 3,60,000 அவருக்கு. மீதி 5,40,000-ல் எட்டில் ஒரு பங்கு 67,500. மொத்தம் 4,27,500. கூட்டுச் சொத்து என்று முடிவு செய்திருந்தால், மனையில் நூற்றுக்கு நாற்பது அவருடையது; விலை ஏறினால் அந்தப் பங்கும் ஏறும். முழு மனதோடு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று மனைவி சொன்னால் அதுவும் ஆகும். மூன்றில் எது என்பதை இருவரும் இன்று முடிவு செய்ய வேண்டும். வேலையை விட்டபின் பேசினால் அது கணக்குக் கேட்பதாகத் தோன்றும். விடும் முன் பேசினால் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சிகளை வைக்கச் சொல்லும் வசனம் (2:282) கணவன் மனைவிக்கு விலக்கு அளிக்கவில்லை. தொகை, தேதி, கடனா பங்கா அன்பளிப்பா என்பதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளை வையுங்கள். பங்கு என்றால், நாட்டுச் சட்டப்படியும் செல்லுபடியாகப் பத்திரத்தில் கொண்டுவருவது எப்படி என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கையிருப்பு நிதிக்கும் இதே விதிதான். சீட்டுப் பணமும் பணிக்கொடையும் மனைவியின் உழைப்பு. வீட்டுச் செலவோ கணவரின் கடமை. அவர் அதைக் குடும்ப நிதியாக வைக்கச் சம்மதித்தால், எடுக்கும் ஒவ்வொரு தொகையும் அன்பளிப்பா கடனா என்று ஒரு நோட்டில் வரியாவது இருக்கட்டும்.

நகைக்கு ஜகாத்

வேலையை விட்ட முதல் ரமளானில்தான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது. இந்தச் சகோதரியிடம் 15 பவுன், அதாவது 120 கிராம் நகை உள்ளது. ஹனஃபி மத்ஹபில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. நிஸாப் ஏறத்தாழ 11 பவுன். எனவே ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு, 3 கிராம் தங்கத்தின் மதிப்பு கடமையாகும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, ஆகுமான முறையில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை.

ஜகாத் நகையின் உரிமையாளர் மீது கடமை. கணவர் மீது அல்ல. இதுவரை சம்பளத்தில் கொடுத்தவர் இனி எதிலிருந்து கொடுப்பார் என்று முன்பே யோசிக்க வேண்டும். கணவர் மனைவியின் அனுமதியோடு அவர் சார்பில் கொடுக்கலாம். அல்லது பகுதி நேர வருமானத்தில் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். அதுவும் இயலாவிட்டால் நகையில் சிறிதை விற்றும் கொடுக்கலாம். ஆண்டு முழுவதும் நிஸாப் அளவுக்குக் கையில் நிற்கும் அவசர நிதிக்கும் ஜகாத் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இந்த இரண்டு கணக்குகளையும் போட ஒரு வெள்ளிக்கிழமை மாலை போதும். ஒரு நோட்டு, இருவரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், மனைப் பத்திரத்தின் நகல், இவற்றோடு இருவரும் உட்காருங்கள். மனைவியின் பெயரில் இருக்கும் தொகைகளை முதலில் எழுதுங்கள்; செலவுப் பட்டியலை அதன் பிறகு எழுதுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் வீடுகளின் கொடுக்கல் வாங்கலை நேர்மையானதாக ஆக்கி, குறைந்த வருமானத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.